இரண்டு வழியில் அளந்த ஒரே சூடு

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் ஹெஸ் விதியை லேப்பில் செய்து காட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எழுதிக் காட்டுவது சுலபம். ஒரு வினை நேராக நடந்தாலும், இரண்டு படியாக நடந்தாலும், மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான். அதை ஒரு தெர்மாகோல் கப்பையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு நிரூபிக்கப் போனால்தான் வேடிக்கை.

எங்களுக்குக் கொடுத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. முதல் வழியில் அதன் வில்லைகளைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு சூடு கிளம்பும். அந்தக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் இன்னொரு சூடு. இரண்டாவது வழியில் வில்லைகளை நேராகவே நீர்த்த அமிலத்தில் போட வேண்டும், மொத்தச் சூடும் ஒரேயடியாக வரும். எப்படிப் போனாலும் கடைசியில் கப்பில் இருப்பது உப்புத் தண்ணீர்தான்.

முதல் நாள் மூன்று வினைகளையும் தனித்தனியாகச் செய்தோம். கரைப்பதற்கு 2 கிராம் வில்லை, 100 மில்லி தண்ணீர். நடுநிலையாக்கலுக்கு, ஷெல்ஃபில் தயாராக இருந்த 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 100 மில்லியும் அதே செறிவு அமிலத்தில் 100 மில்லியும். நேர்வழிக்கு 0.25 மோலார் அமிலம் 200 மில்லியில் 2 கிராம் வில்லை. 2 கிராம் என்றால் 0.05 மோல் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். கரைதலுக்கு மோலுக்கு 38.4 கிலோ ஜூல், நடுநிலையாக்கலுக்கு 56.0, கூட்டினால் 94.4. நேர்வழியில் வந்ததோ 88.6. கிட்டத்தட்ட ஆறு கிலோ ஜூல் உதைத்தது.

என்னோடு செய்தவன், கப் வழியாகச் சூடு போயிருக்கும் என்று எழுதி நோட்டை மூடிவிடலாம் என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் வில்லை கரைய இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது, அதற்குள் கப் குளிரும் என்பது தெரிந்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போட்டிருந்தோம். குளிரும் கோட்டைப் பின்னால் நீட்டி, வில்லையைப் போட்ட நேரத்தில் என்ன வெப்பநிலை இருந்திருக்கும் என்று பார்த்துத்தான் உயர்வை எடுத்தோம். கசிந்த சூட்டை ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது. அதே பழியை மறுபடி கப்பின் மேல் போட முடியாது.

சார் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு வழியும் ஒரே இடத்துலேர்ந்துதான் கிளம்புதா?"

ஆமாம் சார் என்றேன். "அப்ப ஷெல்ஃப்ல இருந்து எடுத்த கரைசல் எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்போதுதான் வில்லை பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மூடி சரியாக உட்கார்ந்திருக்கவில்லை. மேலே இருந்த வில்லைகள் பளபளவென்று ஈரமாக, இரண்டு மூன்றாக ஒட்டிக் கிடந்தன. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தை அப்படி இழுக்கும். வாட்ச் கிளாஸில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே எடை ஏறுவதை லேப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க, வில்லையைக் கரைத்து வைத்திருந்த கரைசலில் 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.5 மோலார் அமிலத்தால் டைட்ரேட் செய்தோம். சரியான 2 கிராம் இருந்திருந்தால் 10 மில்லி அமிலம் ஆகியிருக்க வேண்டும். 9.0 மில்லியிலேயே இளஞ்சிவப்பு போய்விட்டது. நாங்கள் 2 கிராம் என்று நிறுத்ததில் 1.8 கிராம்தான் உண்மையான சோடியம் ஹைட்ராக்சைடு. ஷெல்ஃபில் இருந்த கரைசலோ டைட்ரேட் செய்து செறிவைச் சரிபார்த்து வைத்தது, அதில் குறை இல்லை. ஆக, கரைதலையும் நேர்வழியையும் குறைந்த சரக்கை வைத்து அளந்துவிட்டு, நடுவில் உள்ள படியை மட்டும் முழுச் சரக்கை வைத்து அளந்திருக்கிறோம். கூட்டுத்தொகை பெரிதாக வந்ததில் ஆச்சரியமே இல்லை.

புது பாட்டில் கேட்டோம், இல்லை என்றார்கள். சார் அதற்கும் கவலைப்படவில்லை. "இதே வில்லையிலயே பண்ணுங்க, ஆனா முதல் படியில வர்ற கரைசலையே ரெண்டாவது படிக்கு எடுத்துக்கணும்" என்றார்.

மறுநாள் அப்படியே செய்தோம். ஒரே அடுக்கிலிருந்து இரண்டு பங்கை அடுத்தடுத்து நிறுத்தோம். வில்லையை உடைத்து 2.00 கிராமுக்குக் கொண்டுவர மெனக்கெடவில்லை, அதற்குள் இன்னும் ஈரம் ஏறும். வந்த எடையை எழுதிக்கொண்டு, கடைசியில் கிராமுக்கு எவ்வளவு சூடு என்று பார்த்தால் போதும்.

முதல் பங்கு 2.06 கிராம். 100 மில்லி தண்ணீரில் போட்டதும் 4.6 டிகிரி ஏறியது. q = m × c × ΔT போட்டால், 102 கிராமுக்கு 1.96 கிலோ ஜூல். கப்பை மூடி வைத்து, கரைசல் பழையபடி அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் போனது, டீ குடித்துவிட்டு வந்தோம். அப்புறம் அதே கப்பில் அதே வெப்பநிலையில் இருந்த 0.5 மோலார் அமிலம் 100 மில்லி. இந்தத் தடவை 3.1 டிகிரி. இப்போது நிறை 202 கிராம் என்பதால் 2.62 கிலோ ஜூல். இரண்டும் சேர்த்து 4.58.

இரண்டாவது பங்கு 1.97 கிராம். அதே 0.5 மோலார் அமிலம் 100 மில்லியும் தண்ணீர் 100 மில்லியும் கலந்து, வெப்பநிலை நின்ற பிறகு வில்லையைப் போட்டோம். உயர்வு 5.1 டிகிரி, சூடு 4.31 கிலோ ஜூல்.

இங்கே கூட்டாளி திடுக்கிட்டான். நான்கு புள்ளி ஆறும் மூன்று புள்ளி ஒன்றும் ஏழு புள்ளி ஏழு, நேர்வழியில் ஐந்து புள்ளி ஒன்றுதானே, விதி பொய்யா என்றான். டிகிரியைக் கூட்டக் கூடாது. முதல் 4.6 டிகிரி 100 மில்லியைச் சூடாக்கியது, மற்ற இரண்டும் 200 மில்லியை. ஒரு சொம்புத் தண்ணீரின் சூடும் ஒரு குடத்தின் சூடும் தெர்மாமீட்டருக்கு ஒன்றுபோலத் தெரியலாம், ஜூலுக்கு அப்படி இல்லை.

கிராமுக்குப் பார்த்தால் படிவழியில் 2.22 கிலோ ஜூல், நேர்வழியில் 2.19. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. எங்கள் தெர்மாமீட்டரில் 0.1 டிகிரி தவறிப் படித்தாலே 3.1 டிகிரியில் மூன்று சதவீதம் ஆகிவிடும். அதனால் இந்த இரண்டு எண்களை வேறு வேறு என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. ஹெஸ் 1840-இல் பீட்டர்ஸ்பர்க்கில் செய்ததும் இதே ஜாதிச் சோதனைதான். கந்தக அமிலத்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் சேர்த்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கி, இரண்டு சூட்டையும் கூட்டிப் பார்த்தார். ஆற்றல் அழியாது என்ற விதி அப்போது இன்னும் நிலைபெறவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. படிவழியின் 2.22-ஐ, கிராமில் 0.9 பங்குதான் சரக்கு என்று திருத்தி மோலுக்கு மாற்றினால் 99-க்குப் பக்கத்தில் வருகிறது. புத்தகத்தில் இரண்டையும் கூட்டினால் 100-க்குச் சற்று மேலே. அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம்தான், கேட்காமலே விட்டிருக்கலாம். நான் கேட்டேன். சார் பாட்டிலை எடுத்து, ஒட்டிக் கிடந்த வில்லைகளைக் காட்டினார். "இது ஈரத்தை இழுத்தப்பவே கொஞ்சம் சூடு வெளிய போயிருக்கும்ல. அந்தப் படியை நீங்க அளக்கல."