நேர்கோட்டில் ஓடுபவர், வளைவில் துரத்தும் நாய்

கடற்படைக் கணிதத்தில் ஊறிய பியர் பூகே 1732இல் எடுத்துக்கொண்ட கணக்கு இது. அவர் கப்பலைக் கப்பல் துரத்துவதாக வைத்தார், நான் நாயை வைத்துக்கொண்டேன். ஓடுபவர் y அச்சில் மேல்நோக்கி வினாடிக்கு 4 மீட்டர் ஓடுகிறார். நாய் 60 மீட்டர் பக்கவாட்டில், x அச்சில் நிற்கிறது. அதன் வேகம் 8 மீட்டர். ஒவ்வொரு கணமும் அவர் இருக்கும் இடத்தையே பார்த்து ஓடுகிறது.

ஆகவே பாதையின் சாய்வு எப்போதும் அவரைக் காட்டும். அவர் வேகம் u, t வினாடி கழித்து அவர் (0, ut)இல் இருந்தால்:

```
x y' - y = -u t
```

t-ஐ ஒழிக்க x-ஆல் வகையிட்டேன். நாய் கடந்த தூரம்தான் வில் நீளம் என்பதால் dt/dx கிடைத்துவிடும். இங்கேதான் முதல் நாள் சறுக்கினேன். நாய் ஓட ஓட x குறைகிறது, அதனால் dt/dx எதிர்மம். அந்தக் குறியை விட்டதில், வரைந்த வளைவு ஓடுபவருக்கு எதிர்த்திசையில் கீழே இறங்கியது. குறியைத் திருத்தியதும், நாயின் வேகம் v, அது தொடங்கிய தூரம் a, k = u/v என வைத்தால்:

```
x y'' = k sqrt(1 + y'^2)
y' = ((x/a)^k - (x/a)^(-k)) / 2
```

இதைத் தொகையிட்டு x = 0 போட்டால், பிடிபடும் இடம் y = ak/(1-k²). நம் கணக்கில் a = 60, k = 1/2. விடை 40 மீட்டர், அதாவது 10 வினாடி. நாய் ஓடியது 80 மீட்டர். முன்கூட்டியே குறிவைத்து நேராக ஓடியிருந்தால் அது அவரைச் சுமார் 34.6 மீட்டரிலேயே மறித்திருக்கும்.

அப்புறம் கணினியில் சிறு சிறு அடிகளாக ஓட்டிப் பார்த்தேன். அரை வினாடி அடியில் நாய் ஒரே தாவலில் 4 மீட்டர் போகிறது. அதனால் அவரைத் தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டே இருந்தது, நிரல் நிற்கவில்லை. இடைவெளி ஓர் அடியைவிடக் குறைந்தால் நிறுத்து என்று எழுதி, அடியை 0.01 வினாடியாக்கியதும் 10 வினாடிக்கு மிக அருகில் நின்றது.

சரிபார்க்க ஏதாவது தேடியபோது கிடைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாய்க்கும் அவருக்கும் உள்ள தூரம் r, நாய் y திசையில் பின்தங்கியிருக்கும் அளவு w என்றால்:

```
dr/dt = u w/r - v
dw/dt = u - v w/r
```

முதலாவதை v-ஆலும் இரண்டாவதை u-ஆலும் பெருக்கிக் கூட்டினால் w/r அடிபட்டுப்போகிறது. v r + u w என்பது ஒரே சீராக, வினாடிக்கு v² - u² வீதம் குறைகிறது. தொடக்கத்தில் 8 × 60 = 480, வீதம் 64 - 16 = 48. வளைவைத் தீர்க்காமலே 10 வினாடி!

இருவர் வேகமும் சமமானால் மேலே உள்ள சூத்திரத்தில் கீழ்ப்பகுதி பூச்சியமாகி, அது பயன்படாது. ஆனால் இந்தக் கூட்டல் அப்போதும் பேசுகிறது: r + w மாறாமல் 60ஆகவே இருக்கும். நாய் மெல்ல அவர் பின்னால் வந்து சேர, r-உம் w-உம் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் நாய் 30 மீட்டர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.