ரோஸ்டர் போட்டோவும் ஓவர்டைம் கணக்கும்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போற தம்பி ரோஸ்டர் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, “அண்ணா, ஓவர்டைம் எவ்வளவு வரும்?”னு கேட்டான். கூகுள் லென்ஸ்ல காப்பி பண்ணினா, காலியா இருக்கிற வீக் ஆஃப் கட்டம் விட்டுப்போய், அடுத்த நாள் நேரமெல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துக்கலாம். வரிசைக்கு ஏழு கட்டம் இருக்கான்னு முதல்ல எண்ணிடுங்க.

அடுத்தது நைட் ஷிப்ட். இரவு 8ல இருந்து காலை 6. நேரா கழிச்சா மைனஸ் 14 வரும் (எக்செல் வெறும் #### காட்டும்). B2ல தொடங்கும் நேரம், C2ல முடியும் நேரம் வச்சு, விடை செல்லோட ஃபார்மேட்டை General ஆக்கி இப்படிப் போட்டா 10 வரும்:

```
=MOD(C2-B2,1)*24
```

தம்பிக்கு மூணு பகல் 8 மணி நேரம், மூணு நைட் 10 மணி நேரம், மொத்தம் 54. சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை தினம் அரை மணி போனா 51. வாரக் கணக்குல 48 போக 3 மணி நேரம் ஓவர்டைம், அதுக்கு இரட்டைச் சம்பளம்; தினக் கணக்குல பார்த்தா வேற வரலாம். ஆனா ரோஸ்டர் வெறும் திட்டம்தான்டா தம்பி, பஞ்சிங் நேரத்தையும் எடுத்துட்டு வா.