பூவுக்கு நூல் கட்டிப் பார்த்த பருத்தி

பல்லடம் பக்கம் அப்புச்சியின் கிணற்றுத் தோட்டத்தில் ஆவணியில் ஊன்றிய எம்.சி.யு. 5 என்ற நீள இழைப் பருத்தி ரகம், ஐப்பசிக் கடைசியில் நன்றாகப் பூத்தது. நார்ப்பயிர்ப் பாடத்துக்காகக் காயின் வளர்ச்சியைக் கணக்கு வைத்துப் பார்க்க நினைத்தேன். பருத்திப்பூ விரிந்த அன்று காலையில் இளமஞ்சளாக இருக்கும், மறுநாள் சிவந்துவிடும். அதனால் இளமஞ்சள் பூக்களின் காம்பில் மட்டும் தேதிச் சீட்டுடன் நூல் கட்டினேன். வயது பிசகவே பிசகாது.

25 நாள் காயை அறுத்தபோது எனக்கு நிஜமாகவே வியப்பு. ஒவ்வொரு சுளையும் நொங்குபோல ஈரமாக வழுக்கியது. ஒரு விதையைத் தண்ணீரில் அலசி இழைகளை நீவி அளந்தால் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். நீளம் அதற்குள் முடிந்துவிட்டது! ஆனால் அதையே உலர்த்தினால் இழைகள் தட்டையாக ஒட்டிக்கொண்டன, இழுத்ததும் அறுந்தன. நீளம் முடியும் தறுவாயில்தான் இழையின் உட்சுவரில் செல்லுலோஸ் படலம் படலமாகப் படியத் தொடங்குகிறது. அடுத்த மூன்று வாரங்களும் அந்த வேலைதான். 50 நாளை ஒட்டிக் காய் வெடிக்கிறது. இழை உலர்ந்து முறுக்கேறுகிறது. நூற்கும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்வது இந்த முறுக்கினால்தான்.

ஆகவே பாதி வாய் திறந்த காயைப் பிய்த்தெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இழை நீளமாகத்தான் இருக்கும். உள்ளே கனம் இருக்காது. அத்தகைய இழை சாயத்தைச் சரியாக ஏற்காது. திருப்பூரில் சாயமேற்றிய பின்னலாடைத் துணியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்கழிப் பனி பஞ்சைவிட்டு உலர்ந்த பிறகு எடுக்கத் தொடங்கி, பத்து பதினொரு மணிக்குள் நிறுத்தினோம். வெயில் ஏறினால் காயடிச் சருகு நொறுங்கிப் பஞ்சோடு வந்துவிடும். “சருகு விழுந்தால் விலையும் விழும், கண்ணு” என்று அப்புச்சி சொல்லிக்கொண்டே இருந்தார். பூச்சி அரித்த கொட்டுப் பருத்திக்குத் தனிச் சாக்கு.

விதையையும் பஞ்சையும் பிரித்து அரைத்துப் பார்க்க, முழுதாக வெடித்த காய்களிலிருந்து 200 கிராம், அரைகுறையாகத் திறந்தவற்றிலிருந்து 200 கிராம். இரண்டையும் நிழலில் ஒரே அளவு காயவைத்த பிறகே நிறுத்தேன். விதையில் ஈரம் இருந்தால் கணக்கு பொய்யாகும். பலகைமேல் விதைப்பருத்தியை வைத்து இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் விதை முன்னே பிதுங்கி வெளியேறும், பஞ்சு பின்னால் நிற்கும். முதல் குவியலில் பஞ்சு 68 கிராம், அதாவது 34 சதவீதம். இரண்டாவதில் 58 கிராம், 29 சதவீதம். விதையில் ஒட்டியிருந்த பஞ்சும் அதிகம். கையில் எடுத்தால் சிறு சிறு முடிச்சுகள் தட்டுப்பட்டன.

ஆலையில் பஞ்சைப் பிரிக்கும் இயந்திரங்களில், நீள இழைப் பருத்திக்கு உருளை வைத்த ரோலர் ஜின்தான் ஏற்றது. ரம்ப ஜின் வேகமாக அரைக்கும், ஆனால் இழையை அறுத்து முடிச்சையும் கூட்டும். இளம் இழை கலந்த பருத்தியில் அந்தச் சேதம் இன்னும் அதிகம். அடுத்த எடுப்பில் வாய் விரிந்து பஞ்சு தொங்கும் காயை மட்டும் எடுப்பதாக அப்புச்சியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.