படலையைப் பூட்ட மறந்தேனா, பூட்டினதை மறந்தேனா?

ஆங்கில டிப்ளோமா வகுப்பின் இலக்கணப் பேப்பரில் நான் முதல் தடவை கவிழ்ந்தது ஒரே ஒரு கேள்வியில். ஒரு பந்தி தருவார்கள். அதில் பத்து இடங்களில் வினைச்சொல் வெறுமனே நிற்கும். 'இங்' சேர்ப்பதா, முன்னால் 'டு' போடுவதா என்று பார்த்துச் சரியான வடிவத்தில் எழுத வேண்டும். பத்தில் மூன்றுதான் எனக்குச் சரி. நாணயத்தைச் சுண்டிப்போட்டு எழுதியிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

படிக்காமல் போகவில்லை. வகுப்பில் தந்த இரண்டு பட்டியல்களும் மனப்பாடம். என்ஜோய், அவொய்ட், ஃபினிஷ், டினை என்று ஒரு பக்கம். வோண்ட், டிசைட், ரிஃபியூஸ், ப்ரொமிஸ் என்று இன்னொரு பக்கம். சுன்னாகத்தில் பஸ் ஏறும்போது சொல்லத் தொடங்கினால் யாழ்ப்பாணம் டவுன் வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும். ஆனால் பேப்பரில் சொற்கள் பட்டியல் வரிசையில் வருவதில்லை. டினை எந்தப் பக்கம், ரிஃபியூஸ் எந்தப் பக்கம் என்று தேடும்போது இரண்டு பட்டியலும் ஒன்றாகக் கலந்துவிடும்.

மீண்டும் எழுதுவதற்கு இரண்டு மாதம் இருந்தபோதுதான் அந்தப் படலை விஷயம். ஒருநாள் சைக்கிளில் சந்திவரை போனவள், வீட்டுப் படலை பூட்டவில்லையோ என்று பயந்து திரும்பி வந்தேன். பூட்டு ஒழுங்காகத் தொங்கியது. பின்வளவால் வந்த அம்மா சிரித்தா. "பிள்ளை, பூட்ட மறந்திட்டன் எண்டு ஓடி வந்தனீ. நீ மறந்தது பூட்டினதை!"

அன்று மத்தியானமே கொப்பியைத் திறந்தேன். ஃபொகெட் என்ற சொல்லுக்குப் பின் 'டு' வந்தால் அந்த வேலை நடக்கவே இல்லை. 'இங்' வந்தால் வேலை நடந்தது, நினைவுதான் போய்விட்டது. வகுப்பில் இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தார்கள். அம்மாவின் ஒரு வரியில் இரண்டும் இருந்தன. 'பூட்ட மறந்தேன்' என்பது டு. 'பூட்டியதை மறந்தேன்' என்பது இங்.

சரி, மற்றச் சொற்களும் இப்படி வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். என்னைக் குழப்பிய டினையும் ரிஃபியூசும் தமிழில் ஒரே சொல்தான், மறுத்தல். 'பணம் தர மறுத்தான்' என்றால் ரிஃபியூஸ், அதற்கு டு. 'பணம் எடுத்ததை மறுத்தான்' என்றால் டினை, அதற்கு இங். ஒப்புக்கொள்வதும் அப்படியே. 'திருப்பித் தர ஒப்புக்கொண்டான்' அக்ரி, டு. 'எடுத்ததை ஒப்புக்கொண்டான்' அட்மிட், இங். ஸ்டொப் என்ற சொல்லும் அகப்பட்டது: 'பேச நின்றான்' என்றால் டு, 'பேசுவதை நிறுத்தினான்' என்றால் இங்.

காரணமும் பிறகு பிடிபட்டது. 'பேசுவதை' என்று சொல்லும்போது வினையைப் பெயராக்கி, அதற்கு 'ஐ' உருபு கொடுக்கிறோம். ஆங்கிலத்தின் இங் வடிவமும் பெயராகி நிற்கிற வினைதான். 'பேச', 'தர', 'பூட்ட' எல்லாம் பள்ளிக்கூடத்தில் செய என்னும் வாய்பாடு என்று படித்த வினையெச்சம். அதற்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் டு.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் கிடைத்தது. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையான சந்தோசம். 'எழுதி முடித்தான்' ஃபினிஷ், 'பேசிப் பழகினான்' பிராக்டிஸ், 'சிரித்துக்கொண்டே இருந்தான்' கீப். தமிழில் செய்து என்ற வாய்பாடு, ஆங்கிலத்தில் மூன்றுக்கும் இங். டிரை என்ற சொல் இதற்குள் அழகாகப் பிரிகிறது. 'ஜன்னலைத் திறக்க முயன்றான்' என்றால் கஷ்டப்பட்டிருக்கிறான், திறந்ததோ தெரியாது, அதற்கு டு. 'ஜன்னலைத் திறந்து பார்த்தான்' என்றால் புழுக்கம் குறைகிறதா என்று ஒரு சோதனை, அதற்கு இங்.

இந்த மூன்று கூட்டத்தையும் பழைய கலண்டர் மட்டையை வெட்டி எழுதினேன். முன்பக்கம் தமிழ் வசனம் மட்டும், பின்பக்கம் ஆங்கில வசனம் முழுதாக. தனிச்சொல் எழுதினால் பட்டியல் வியாதி திரும்பி வரும். ஒரு நாளைக்கு ஆறு புது மட்டைதான். பஸ்ஸில் தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்க்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்ப்பேன். பிழைத்த மட்டை அடுத்த நாள் மட்டைக் கட்டின் மேலே வரும். மூன்று நாள் தொடர்ந்து சரி வந்தால் அதை எடுத்து பிஸ்கட் டின்னுக்குள் போடுவேன், ஞாயிறு மட்டும் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் கலைத்துப் பார்ப்பேன். கலைப்பது முக்கியம். டு மட்டைகள் ஒன்றாக இருந்தால் மூளை வேலை செய்யாமல் டு டு என்று போய்க்கொண்டிருக்கும்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. முதலில் நான் விழுந்தது 'வருவதாக வாக்குக் கொடுத்தான்' என்பதில். பெயர்போலத் தெரிந்ததால் ப்ரொமிசுக்கு இங் போட்டுவிட்டேன். அங்கே 'ஐ' இல்லை, 'ஆக' இருக்கிறது, டுதான் வரும். 'தூங்குவதுபோல நடித்தான்', ப்ரிடெண்ட், அதற்கும் டு. 'எப்படியோ எழுதி முடித்துவிட்டான்' என்று மனேஜைச் சொன்னால் தமிழ் இங் பக்கம் இழுக்கும், ஆங்கிலம் டு கேட்கும். கொன்சிடர் இதற்கு நேர்மாறு. 'வீடு மாற யோசிக்கிறேன்' என்கிறோம், ஆங்கிலத்தில் இங். மைண்டும் சஜெஸ்டும் அதே குணம். 'போக விட்டார்' லெட், 'அழ வைத்தார்' மேக் இரண்டிலும் டுவும் இல்லை, இங்கும் இல்லை, வெறும் வினைதான். இவற்றுக்கு மட்டைக்குச் சிவப்புக் கரை போட்டேன். பதினைந்துக்கு மேல் வரவில்லை. நூறு சொல்லை உருப்போடுவதற்குப் பதில் பதினைந்தை உருப்போட்டேன், அவ்வளவுதான். (பிகின், ஸ்டார்ட் போன்றவை இரண்டையும் ஏற்கும். அதற்கு மட்டை வீண்.)

இரண்டாம் தடவை வந்த பந்தி ஒரு கடைக் களவைப் பற்றியது. வேலைக்காரப் பையன் காசை எடுத்ததை மறுக்கிறான்: டினை, 'எடுத்ததை', எனவே டேக்கிங். முதலாளி பொலிசுக்குச் சொல்ல முடிவெடுக்கிறார்: 'சொல்ல', எனவே டு டெல். பிறகு அவருக்கு, லாச்சியைப் பூட்டியது நினைவு வருகிறது என்று ஒரு இடம். பட்டியலில் ரிமெம்பர் இரண்டு பக்கமும் இருக்கும். முன்னைய நான் அங்கே நாணயம் சுண்டியிருப்பேன். ஆனால் அடுத்த வசனத்தில் திறப்பு அவருடைய பையில்தான் இருந்தது என்றிருந்தது. அப்படியானால் பூட்டியாயிற்று, 'பூட்டியது', எனவே லொக்கிங். 'மறக்காமல் பூட்ட' என்ற பொருளாக இருந்தால்தான் டு லொக். இந்த மாதிரிச் சொல்லுக்கு அந்த வசனம் மட்டும் போதாது, அடுத்ததையும் வாசித்துவிட்டே எழுத வேண்டும்.

பத்தில் ஒன்பது வந்தது. போன ஒன்று சஜெஸ்ட். அந்தப் பந்தியில் தம்பி ஒருவர் கணக்குக் கொப்பியைப் பார்க்க யோசனை சொல்வார், நானும் 'பார்க்க' என்று நினைத்து டு போட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தால் அந்த மட்டை அங்கேதான் கிடந்தது, சிவப்புக் கரையோடு.