லோகோ அசைவில் F9-க்கு அடுத்த வேலை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 3 விநாடி லோகோ அசைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1920×1080, விநாடிக்கு 25 ஃப்ரேம், மொத்தம் 75 ஃப்ரேம். சுமார் 300 பிக்சல் அகலமுள்ள வட்ட லோகோ திரையின் நடுவில் தோன்றி, 400 பிக்சல் இடப்பக்கம் நகர்ந்து நிற்க, காலியான இடத்தில் "நெய்தல்" என்ற பெயர் எழுத்து எழுத்தாக மேலெழ வேண்டும். வேலை இவ்வளவுதான். கீஃப்ரேம் வைக்க ஐந்து நிமிடம் போதும். அதை இயல்பாக அசைய வைப்பதில்தான் மீதி நேரமெல்லாம் போகும்.

முதலில் நகர்வு. லோகோவின் Position-ஐ வலது கிளிக் செய்து `Separate Dimensions` கொடுத்து X-ஐயும் Y-ஐயும் பிரித்துக்கொள்ளலாம். X-க்கு 20-ஆவது ஃப்ரேமில் 960, 40-ஆவது ஃப்ரேமில் 560. வைத்ததுமே ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக 20 பிக்சல் நகரும்; கிளம்பும்போதே முழு வேகம், நிற்கும்போது சட்டென்று முட்டி நிற்கும். இதுதான் எந்திரத்தனம்.

இதற்கு எல்லோரும் கொடுக்கும் மருந்து F9, அதாவது `Easy Ease`. இரண்டு கீஃப்ரேமிலும் வேகத்தைப் பூஜ்யமாக்கி, அந்த மெதுவான நிலை எவ்வளவு நேரம் நீளும் என்பதைச் சொல்லும் இன்ஃப்ளுயன்ஸை 33.33% ஆக்குவதுதான் அது செய்யும் வேலை. முட்டல் போய்விடும். ஆனால் வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்: எவ்வளவு மெதுவாகக் கிளம்புகிறதோ அவ்வளவு மெதுவாகவே நிற்கும், நட்டநடுவில் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு வேகம். படத்தில் உள்ள எல்லாமே இப்படி அசைந்தால், முட்டல் இல்லாத எந்திரத்தனம் கிடைக்கும். F9 போட்டும் "ஏதோ குறைகிறதே" என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தபடியாக, முதல் கீஃப்ரேமைத் தேர்ந்து Ctrl+Shift+K அழுத்தினால் `Keyframe Velocity` பெட்டி திறக்கும். `Outgoing Velocity` பகுதியில் வேகம் 0, இன்ஃப்ளுயன்ஸ் 15. இரண்டாவது கீஃப்ரேமில் `Incoming Velocity` பகுதியில் வேகம் 0, இன்ஃப்ளுயன்ஸ் 85. சட்டென்று கிளம்பி, நெடுநேரம் தணிந்து நிற்கும் அசைவு இது. ஒரு பொருளைக் கையால் தள்ளிவிட்டால் அது உராய்வில் வேகம் குறைந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுதான் இயல்பு.

வித்தியாசத்தை எண்ணில் பார்த்தால் நன்றாகப் புரியும். 400 பிக்சல் பயணத்தில் ஐந்தாவது ஃப்ரேம் முடிவில் ஈஸிங் இல்லாத லோகோ 100 பிக்சல் போயிருக்கும். F9 போட்டது 62 பிக்சலைத்தான் தாண்டியிருக்கும். 15/85 போட்டதோ 210 பிக்சலை எட்டியிருக்கும். பத்தாவது ஃப்ரேமில் முதல் இரண்டும் சரிபாதியில், 200-இல் இருக்கும், மூன்றாவது 336-இல். மிச்சமிருக்கும் 64 பிக்சலைக் கடக்க அது பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த 336 என்ற எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. லோகோ முழுதாக நின்ற பிறகு எழுத்து தொடங்கினால், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை என்று வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். 15/85-இல் பத்தாவது ஃப்ரேமிலேயே இடம் பெரும்பாலும் காலியாகிவிடுவதால், படத்தின் 30-ஆவது ஃப்ரேமிலேயே முதல் எழுத்தைத் தொடங்கிவிடலாம். லோகோ தணிந்துகொண்டிருக்கும்போதே எழுத்து எழும். F9 வளைவில் இதே இடத்தில் தொடங்கினால் லோகோ இன்னும் பாதி வழியில்தான் நிற்கும், "நெ" அதன்மேலேயே ஏறும். அந்த மோதலைத் தவிர்க்க எழுத்தைத் தள்ளிவைப்பார்கள், படம் இழுக்கும். ஆக, வளைவை முடிவுசெய்த பிறகுதான் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இங்கே ஒரு பழைய தொல்லை. லோகோ 0-விலிருந்து 20 வரை அசையாமல் இருக்கட்டும் என்று 0-விலும் 960 என ஒரு கீஃப்ரேம் வைப்பது பலருக்குப் பழக்கம். Position-ஐப் பிரிக்காமல் இப்படி வைத்தால், அசையக்கூடாத நேரத்தில் லோகோ மெல்ல வலப்பக்கம் போய்த் திரும்பும். நடு கீஃப்ரேமின் பாதை வளைவுக் கைப்பிடி தானாக நீண்டிருப்பதுதான் காரணம். ஸ்பீடு கிராஃபில் எவ்வளவு தேடினாலும் இந்தக் காரணம் அகப்படாது. கீஃப்ரேம்களைத் தேர்ந்து Ctrl+Alt+K அழுத்தி, `Spatial Interpolation` என்பதை `Linear` ஆக்கினால் நின்றுவிடும். தேவையில்லாத அந்த முதல் கீஃப்ரேமை அழித்துவிட்டாலும் சரி.

இனி லோகோ தோன்றும் இடம். Scale-ஐ 0-விலிருந்து 100-க்குக் கொண்டுபோவதைவிட 80-இலிருந்து தொடங்கி, கூடவே ஒளிபுகா அளவை 4 ஃப்ரேமில் 0-விலிருந்து 100 ஆக்குவது நல்லது. பூஜ்யத்திலிருந்து வரும் லோகோவின் முதல் சில ஃப்ரேம்கள் வெறும் புள்ளிதான். அங்கே என்ன ஈஸிங் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கீஃப்ரேம்கள் இப்படி: 0-விலே 80, 8-இலே 104, 14-இலே 100. கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி அமரும் இந்த 4 சதவீதம், 300 பிக்சல் லோகோவில் பக்கத்துக்கு 6 பிக்சல்தான். கண் அதைத் தனியாகக் கவனிக்காது, ஆனால் எடுத்துவிட்டால் லோகோ தட்டையாகத் தெரியும். 110-ஐத் தாண்டினால் ரப்பர் பந்து. குழந்தைகள் சானலுக்குச் சரி, மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ஆகாது.

திரும்பி அமரும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஏறுவதற்கு 8 ஃப்ரேம் கொடுத்தால் வெறும் 4 சதவீதம் இறங்க 6 ஃப்ரேம் கொடுக்க வேண்டும். இரண்டு ஃப்ரேமில் இறக்கினால் அமர்வதுபோல் இருக்காது. படம் ஒருமுறை துள்ளியதுபோல் இருக்கும். லோகோ இல்லஸ்ட்ரேட்டர் கோப்பானால் `Continuously Rasterize` கட்டத்தைத் தட்டிவிட வேண்டும், 100-ஐத் தாண்டும் ஃப்ரேம்களில் ஓரம் மங்காது. ஒரு பக்கமாக வீங்கினால் நங்கூரப் புள்ளி நடுவில் இல்லை என்று பொருள், Ctrl+Alt+Home.

104 இருக்கும் நடு கீஃப்ரேமுக்கு F9 பொருந்தும், ஏனென்றால் அது திரும்பும் இடம். திரும்பும் எதுவும் ஒரு கணம் வேகம் பூஜ்யமாகித்தான் திரும்பும். ஆனால் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் பாதையின் நடுவே ஒரு கீஃப்ரேம் இருந்து (960, 760, 560 என்று வைத்துக்கொள்ளுங்கள்), மூன்றையும் சேர்த்துத் தேர்ந்து F9 அடித்தால், 760-இல் லோகோ நின்று மறுபடி கிளம்பும், நெரிசலில் நகரும் டவுன் பஸ் மாதிரி. ஈஸிங் போட்டும் விக்குகிறதே என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் கோப்பில் இதுதான் இருக்கும். கிராஃப் எடிட்டரை (Shift+F3) திறந்து ஸ்பீடு கிராஃபைப் பார்த்தால் நடுவில் கோடு தரையைத் தொட்டிருப்பது தெரியும். பெரும்பாலும் அந்த நடு கீஃப்ரேமே தேவைப்படாது, அழித்துவிடலாம். பாதை வளைவதற்காக அது அவசியம் வேண்டுமென்றால், Position பிரிக்கப்படாத நிலையில் வலது கிளிக் செய்து `Rove Across Time` கொடுத்தால் வேகம் அறுபடாமல் ஓடும்.

எழுத்துக்கு வருவோம். ஆங்கிலப் பெயரென்றால் டெக்ஸ்ட் அனிமேட்டரில் Range Selector-ஐ வைத்து எழுத்தெழுத்தாக எழுப்பிவிடலாம். Shape `Ramp Up`, Offset -100-இலிருந்து 100 வரை, `Ease Low` 100 என்று வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் இடத்தில் மெத்தென்று அமரும். தமிழில் இதை அப்படியே நம்ப முடியாது. "நெ"-வில் கொம்பு தனி உருவாகவும் "ந" தனி உருவாகவும் பிரிந்து, கொம்பு மட்டும் முதலில் எழுந்து நிற்கும் நிலை வரலாம். புள்ளி தன் எழுத்தை விட்டு விலகுவதும் உண்டு. ஃபான்டையும் டெக்ஸ்ட் எஞ்சின் அமைப்பையும் பொறுத்து இது மாறும். நான்கு எழுத்துப் பெயருக்கு இதோடு மல்லுக்கட்டுவது வீண். நெ, ய், த, ல் என்று நான்கு தனி டெக்ஸ்ட் லேயர் போட்டுவிடலாம். அதற்குமுன் முழுப் பெயரையும் ஒரு லேயரில் எழுதி, 30% மங்கலாக்கி, கைடு லேயராக அடியில் வைத்து, நான்கையும் அதன்மேல் பொருத்தினால் எழுத்து இடைவெளி கெடாது.

ஒவ்வொரு எழுத்தும் 60 பிக்சல் கீழிருந்து மேலெழ, அடிக்கோட்டுக்குக் கீழே தெரியாதபடி ஒரு மேட். எழுகைக்கு 16 ஃப்ரேம். இங்கே 15/85-ஐ அப்படியே ஒட்டினால் புதிய சிக்கல் வரும். அந்த வளைவில் கடைசிக் கால்வாசி நேரத்தில் தூரத்தின் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் மீதமிருக்கும். 400 பிக்சலில் அது 13 பிக்சல், கண்ணுக்கு நல்ல தணிவு. 60 பிக்சலில் வெறும் 2 பிக்சல், நான்கு ஃப்ரேமுக்கு. ஃப்ரேமுக்கு அரை பிக்சல் நகரும் எழுத்தின் கிடைக்கோடுகள், "த"-வின் மேல்கோடு முதலானவை, ஒரு ஃப்ரேம் கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும் மாறி மினுங்கும். வீடியோ சுருக்கப்பட்டபின் இது இன்னும் மோசம். குறைந்த தூரத்துக்கு வரும் பக்க இன்ஃப்ளுயன்ஸை 65 அளவுக்கு இறக்கி, கிளம்பும் பக்கத்தை 20 ஆக்கினால் மினுங்கல் அடங்கும். தூரம் குறையக் குறைய வளைவும் சாதுவாக வேண்டும்.

எழுத்துகளுக்கு இடையே 3 ஃப்ரேம் சீராக விட்டால் தட்டச்சு போல இருக்கும். 4, 3, 2 என்று குறைத்துக்கொண்டே போனால் பெயர் ஒரே மூச்சில் வந்து சேரும். முதல் எழுத்து 30-இல் தொடங்கினால் கடைசி எழுத்து 39-இல் தொடங்கி 55-இல் அமரும். இதற்குச் சூத்திரம் இல்லை, காதால் கேட்பதுபோல் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: ப்ரிவியூ நிஜ வேகத்தில் ஓடுகிறதா என்று Info பேனலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விநாடிக்கு 25-க்குக் குறைவாக ஓடினால் எண் சிவப்பில் தெரியும்; அந்த நிலையில் செய்யும் எந்தத் திருத்தமும் ஏற்றுமதிக்குப் பிறகு வேறு மாதிரி இருக்கும். மோஷன் பிளரை வளைவுகள் முடிந்த பிறகே போடுவது நல்லது, முன்னாலேயே போட்டால் கரடுமுரடான வேகத்தையும் அது மறைத்துவிடும். 180 பாகை ஷட்டர் இங்கே போதும்.

வெளியேறும் அசைவுக்குக் கணக்கு தலைகீழ். 65-இலிருந்து 75 வரை பத்து ஃப்ரேம். கிளம்பும் பக்கம் 80, முடியும் பக்கம் ஈஸிங்கே வேண்டாம். திரைக்கு வெளியே போகிற பொருள் அங்கே தணிந்து நிற்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. தணிய வைத்தால் விளிம்பில் தயங்குவதுபோலத்தான் தெரியும்.

இதே லோகோவை வலைத்தளத்திலும் அசைக்க வேண்டியிருந்தால் 15/85 வளைவை எண்ணாகவே கொண்டுபோகலாம். முடியும் பக்கத்தை 100-இலிருந்து கழித்து எழுத வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால் 85 அங்கே 0.15 ஆகும்.

```css
.logo { transition: transform 0.8s cubic-bezier(0.15, 0, 0.15, 1); }
```

20 ஃப்ரேம் என்பது விநாடிக்கு 25 என்ற கணக்கில் 0.8 விநாடி. படம் 30 ஃப்ரேமில் எடுக்கப்பட்டிருந்தால் இதே 0.8 விநாடிக்கு 24 ஃப்ரேம் வேண்டும்.