நானூற்றெழுபத்தைந்து ரூபாய்

அந்த அம்மா அடகுக் கடைக் கவுண்டரில் வைத்த பணம் 42,525. குளச்சலிலிருந்து பஸ் பிடித்து, எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தார். கணக்குப்பிள்ளை ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு 43,000 என்றார்.

"காலையில போன்ல ஒரு கணக்கு சொன்னிய, இப்ப வேற கணக்கு சொல்லுதியளே மக்களே?"

கேட்டது கணக்குப்பிள்ளையிடம். ஆனால் போனில் சொன்ன தொகை, கடைக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராமின் ரிப்போர்ட்டில் இருந்தது. தவணை முடிய முப்பது நாளுக்குள் இருக்கும் நகைக் கடன்களை, அன்றுவரை சேர்ந்த வட்டியோடு காட்டும் பட்டியல். அன்றுதான் முதன்முதலாக அதை எடுத்தார்கள்.

கடன் 40,000. ரசீதில் வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். ஜனவரி 12 வரை வட்டி கட்டியிருந்தார். கடன் தேதியிலிருந்து எண்ணினால் கட்டிய வட்டியையே மறுபடி கேட்டதாகிவிடும் என்று, கடைசியாக வட்டி கட்டிய தேதியிலிருந்து எண்ண வைத்திருந்தேன். அதில் கொஞ்சம் பெருமைகூட. மே 20 வரை 128 நாள், 2,525 ரூபாய். கடை வழக்கமோ மாதம் 600. நாலு மாதம் முடிந்து எட்டு நாள் ஏறிவிட்டதால் அதுவும் ஒரு மாதம். ஐந்து மாதத்துக்கு 3,000.

ரிப்போர்ட் எழுதும் முன் முதலாளியிடம் கேட்டேன், நாள் கணக்கா மாதக் கணக்கா என்று. "ரசீதுல உள்ளது போல போடு" என்றார். ரசீதில் எட்டு நாளை மாதமாக்கலாம் என்று ஒரு வரி இல்லை. அதனால் என் மேல் தப்பில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கணக்குப்பிள்ளையின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மாத வட்டி அட்டவணை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் நாளுக்கு இடமே கிடையாது. முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் மாதக் கணக்கு என்றுதான் சொல்லியிருப்பார், நானும் அப்படியே எழுதியிருப்பேன். அந்த அம்மா 43,000-மாகவே கொண்டு வந்திருப்பார். அது நல்லதா?

அன்று நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை, திரையைப் பார்த்தபடி இருந்தேன். ரசீதுப்படி அவர் கணக்குதான் சரி என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். கையிலிருந்து 475 கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. கொடுத்திருந்தால் கடையின் கணக்கு சரி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். இதுவும் இப்போது யோசித்துக் கண்டுபிடித்த சாக்குதானோ என்னவோ. அவர் பணத்தைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் மீதியோடு வந்து செயினை மீட்டார்.

முதல் நாள் சாயங்காலமே ரிப்போர்ட்டை மாற்றச் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை.

```
amount * 0.18 * days / 365
amount * 0.015 * CEIL(months)
```

மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது இப்போது ஓடுவது. அதற்கப்புறம் போனில் சொல்வதும் கவுண்டரில் கேட்பதும் ஒன்றுதான், புகார் இல்லை. ரசீதில் மட்டும் இன்னும் வருடத்துக்கு 18 சதவீதம் என்றே அச்சாகிறது. அந்த வரியும் என் புரோகிராமில்தான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.