ஏழாவது நிமிடத்தில் வாய் திறந்தேன்

"அண்ணா, நீங்கதானே அங்க போகச் சொன்னீங்க" என்று, நான் லெவல் செய்த வீடியோ கேமை விளையாடிப் பார்த்த தம்பி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நான் எங்கே சொன்னேன்? ஆள் விளையாடும்போது லெவலைச் செய்தவன் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் ப்ளேடெஸ்ட். ஏழாவது நிமிடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை மனதில் வைத்துச் செய்த இரவு லெவல் அது. குழாய்ச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கக் குதத்தில் சிவப்பு அடித்த ஏணி, அதற்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் பல்பு. இரவு முழுக்க நீலமாக இருக்கும்போது சூடான நிறம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கண் வேறெங்கே போகும் என்பது என் கணக்கு. தம்பி நேரே இடப்பக்கம் போனான். அங்கே இரண்டு குதங்களுக்கு நடுவே நிலா வெளிச்சத்தில் கடல் தெரியும், முன்னால் கம்பிவேலி, அதற்கு மேல் வழியில்லை. வேலியை ஒட்டி நடந்தான், சுரங்க வாய்க்குத் திரும்பி வந்தான், பிறகு மறுபடியும் வேலிக்கே போனான். "தம்பி, வலப்பக்கம் ஒருக்காப் பார்" என்றேன். ஏறிவிட்டான். ஏன் அங்கேயே போனாய் என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

அன்று இரவு சுரங்க வாயில் நின்றபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, பெருவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். லெவலை விளையாடக் கொடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது, சரி. ஏணியைக் காணவில்லை. சிவப்பும் அதற்குப் பின்னாலிருந்த துருவும் ஒரே சாம்பல். நிறம்தான் வேறு, வெளிச்ச அளவு ஒன்றே. கடல் மட்டும் வெள்ளைத் துண்டாக நின்றது. தரையில் ஓடும் மூன்று குழாய்களும் அந்தத் துண்டை நோக்கியே போய்க் குவிந்தன, இரண்டு பக்கமும் நின்ற குதங்கள் அதற்குக் கதவு நிலை மாதிரி. வெளிச்சம், கோடு, வடிவம் மூன்றும் இடப்பக்கம் கூப்பிட, ஒரு சின்னச் சிவப்பு மட்டும் வலப்பக்கம் கூப்பிட்டிருக்கிறது. உண்மையில் நான்தான் போகச் சொன்னேன்.

ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. என் இருட்டறை மொனிட்டரில் அந்த ஏணி தெளிவாகவே தெரிந்தது. தம்பி விளையாடியது லெப்டொப்பில், ஜன்னல் ஓரம், பின்னேர வெயில் திரையில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் பட்டால் இருட்டு நிறங்களெல்லாம் ஒன்றாகிவிடும், வெளிச்சமானது மட்டும் மிஞ்சும். அதற்கு நான் என்ன செய்ய? என்று எழுதும்போதே தெரிகிறது, விளையாடுகிறவர்கள் எல்லாரும் என் அறைக்குள் வந்து உட்காரப் போவதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் விளையாடுவார்கள். 2008இல் வந்த Mirror's Edge விளையாட்டில் போகவேண்டிய இடமெல்லாம் சிவப்பு என்பதைப் பார்த்துத்தான் நான் சிவப்பைப் பிடித்தேன். அங்கே நகரமே வெள்ளை, அதில் சிவப்பு ஒரு கறுத்த வடிவமாகவும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

மாற்றினேன். குழாய்களை வலப்பக்கம் திருப்பினேன், நிலாவை நகர்த்திக் கடலை மூட்டத்துக்குள் விட்டேன். பல்பை ஏணிக்கு மேலிருந்து எடுத்துப் பின்சுவரில் போட்டேன். இப்போது வெளிச்சமான சுவரில் ஏணி கறுப்புக் கோடுகளாக நிற்கிறது, நிறமே இல்லாவிட்டாலும் ஏணி ஏணிதான். திருத்தியதில் எனக்குப் பிடித்தது அதுதான். அப்புறம் வேலை கொடுத்தவர்கள் ஏணியில் மஞ்சள் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். 2023இல் Resident Evil 4 விளையாட்டைப் புதிதாகச் செய்து திரும்ப விட்டபோது பெட்டிகளில் இருந்த மஞ்சள் பெயின்ற்றை எத்தனை பேர் கேலி செய்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேலி செய்தவனும் வழி தவறவில்லையே என்றார்கள். அடித்தேன். அடுத்து விளையாடிய ஐந்து பேரும் நேரே ஏறினார்கள், சுவர் வெளிச்சத்தாலா பெயின்ற்றாலா என்று யாருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் போட்டது என் அவசரம்.

அன்று ஏன் வாய் திறந்தேன் என்பதற்கு, அடுத்த ஆள் காத்திருந்தார் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் என் லெவலில் ஒருவன் வேலியில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதுதான் பெரிய காரணம். விட்டிருந்தால் எட்டாவது நிமிடத்தில் தானே கண்டுபிடித்திருப்பானா, எழுந்து போயிருப்பானா?

பெயின்ற் இல்லாத ஒரு பதிப்பைத் தனியாக எடுத்து அதே தம்பியைக் கூப்பிட்டு, அதே ஜன்னல் ஓரம், அதே பின்னேரத்தில் கொடுத்தேன். இருபது செக்கனில் ஏறிவிட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவன் திரும்பி, "நீங்க அண்டைக்கே வலப்பக்கம் எண்டு சொன்னீங்கதானே அண்ணா" என்று சொல்லும் வரைக்கும்.